எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5-க்குக் கீழே போனால்: கை-வர்க்கமா, ஃபிஷர் சோதனையா?

கேள்வி: "24 நோயாளிகளை வைத்து முதுகலை ஆய்வு செய்தேன். புதிய முறையில் கட்டுப் போட்ட 12 பேரில் ஒருவருக்கும், பழைய முறையில் கட்டுப் போட்ட 12 பேரில் 6 பேருக்கும் புண் சீழ் பிடித்தது. SPSS-இல் கை-வர்க்கச் சோதனை p = 0.025 தருகிறது. ஆனால் கீழே '2 cells (50.0%) have expected count less than 5' என்று ஓர் அடிக்குறிப்பு வருகிறது. ஃபிஷர் சோதனையோ 0.069 என்கிறது. என் அட்டவணையில் ஒரே ஒரு கட்டம்தானே 5-க்குக் கீழே இருக்கிறது? எதை எழுதுவது?"

உங்கள் ஆய்வேட்டில் 0.069 என்ற ஃபிஷர் மதிப்பையே எழுதுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாட்டையும் அதன் நம்பக இடைவெளியையும் சேர்த்து எழுதுங்கள். மருத்துவ, செவிலியர் ஆய்வேடுகளுக்குப் புள்ளியியல் ஆலோசனை சொல்வதே என் வேலை என்பதால், இந்த அடிக்குறிப்பைப் பற்றிய கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. இதில் ஒரு பகுதி வெறும் கணக்கு. அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. இன்னொரு பகுதி புள்ளியியலாளர்களே பல பத்தாண்டுகளாக ஒத்துப்போகாத இடம். இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டால், நாளை வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்டாலும் நீங்கள் தடுமாற வேண்டியிருக்காது.

முதலில் அந்த அடிக்குறிப்பு எதைப் பேசுகிறது என்று பார்ப்போம். அது நீங்கள் எண்ணிப் பார்த்த எண்ணிக்கையைப் பற்றிப் பேசவில்லை. எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறது. கட்டுப் போடும் முறைக்கும் சீழ் பிடிப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று வைத்துக்கொண்டால், மொத்தம் சீழ் பிடித்த 7 பேரும் இரு குழுக்களிலும் எப்படிப் பங்கிட்டு வந்திருப்பார்கள் என்பதே எதிர்பார்ப்பு. அந்தக் கட்டத்தின் நிரைக் கூட்டுத்தொகையை நிரல் கூட்டுத்தொகையால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். இங்கே 12 × 7 ÷ 24 = 3.5. குழுக்கள் இரண்டும் சமமாக இருப்பதால் சீழ் பிடித்தவர்களுக்கான இரண்டு கட்டங்களுக்கும் 3.5 வருகிறது, சீழ் பிடிக்காதவர்களுக்கான இரண்டு கட்டங்களுக்கும் 8.5 வருகிறது. நான்கில் இரண்டு கட்டங்கள் 5-க்குக் கீழே இருப்பதால்தான் SPSS 50.0% என்று சொல்கிறது.

பழைய முறையில் 6 பேருக்குச் சீழ் பிடித்த கட்டத்தைக் கவனியுங்கள். எண்ணிய எண் 6. ஆனால் எதிர்பார்ப்பு 3.5. அடிக்குறிப்பு குறை சொல்லும் இரண்டு கட்டங்களில் அதுவும் ஒன்று. "ஒரே ஒரு கட்டம்தான் 5-க்குக் கீழே" என்று நீங்கள் நினைத்தது எண்ணிய எண்ணை வைத்து. இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. ஒரு குழுவில் 30 பேரில் ஒருவருக்கும் இல்லை, மற்றொன்றில் 30 பேரில் 12 பேருக்கு உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டத்தில் பூஜ்யம் இருப்பதைப் பார்த்ததும் கை-வர்க்கம் கூடாது என்று பலர் விலக்கிவிடுகிறார்கள். ஆனால் அங்கே எதிர்பார்ப்பு 6, 6, 24, 24 என்றே வருகிறது. எந்தத் தடையும் இல்லை. எனவே ஓர் அட்டவணையைப் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்யாமல் எதிர்பார்ப்பு எண்களை வரவழைத்துப் பாருங்கள். SPSS-இல் Crosstabs பெட்டிக்குள் Cells என்ற பொத்தானை அழுத்தி Expected என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். R பயன்படுத்துவோர் இப்படிச் செய்யலாம்:

```r
m <- matrix(c(1, 11, 6, 6), nrow = 2, byrow = TRUE)
chisq.test(m)$expected
chisq.test(m, correct = FALSE)
fisher.test(m)
```

எதிர்பார்ப்பு ஏதேனும் ஒரு கட்டத்தில் 5-க்குக் கீழே இருந்தால் R-உம் "Chi-squared approximation may be incorrect" என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையில் இருக்கும் approximation என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. கை-வர்க்கச் சோதனை தரும் p மதிப்பு ஒரு தோராயம். கட்டங்களில் வரும் எண்கள் முழு எண்கள்; அவை படிப்படியாகத் தாவும். கை-வர்க்கப் பரவலோ வழவழப்பான தொடர் வளைவு. எண்ணிக்கைகள் பெரிதாக இருக்கும்போது படிகள் மிக நெருக்கமாகிவிடுவதால் வளைவும் படிகளும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். எதிர்பார்ப்பு சிறிதாக இருக்கும்போது படிகள் அகலமாக இருப்பதால் வளைவு அவற்றோடு பொருந்துவதில்லை.

உங்கள் அட்டவணையிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். ஓரக் கூட்டுத்தொகைகளை, அதாவது குழுவுக்கு 12 பேர், சீழ் பிடித்தவர்கள் 7 பேர் என்பதை மாற்றாமல் வைத்துக்கொண்டால், புதிய முறைக் குழுவில் சீழ் பிடித்தவர்கள் 0 முதல் 7 வரை எந்த எண்ணாகவும் இருக்கலாம். ஆக மொத்தம் எட்டே எட்டு அட்டவணைகள்தான் சாத்தியம். குழுக்கள் சமம் என்பதால் 0-உம் 7-உம் ஒரே கை-வர்க்க மதிப்பைத் தரும், 1-உம் 6-உம் அப்படியே, மற்றவையும் அப்படியே. எனவே இந்த ஓரங்களோடு கை-வர்க்கம் எடுக்கக்கூடிய மதிப்புகள் நான்கு மட்டுமே: 0.20, 1.82, 5.04, 9.88. வளைவு வெட்டும் எல்லையான 3.84-க்கு அருகில் எதுவுமே இல்லை. உங்களுக்குக் கிடைத்தது 5.04. தொடர் வளைவில் அதற்கு அப்பால் இருக்கும் பரப்பு 0.025, SPSS முதல் வரியில் காட்டுவது அதைத்தான்.

இனி அதே 5.04-க்கான உண்மையான நிகழ்தகவை எண்ணிப் பார்ப்போம். ஃபிஷர் சோதனை என்பது இந்த எண்ணிக்கைதான். 24 பேரில் எந்த 7 பேருக்குச் சீழ் பிடிக்கும் என்பதை 3,46,104 வழிகளில் தேர்ந்தெடுக்கலாம். கட்டுப் போடும் முறைக்கு எந்தப் பங்கும் இல்லையென்றால் இவை அனைத்தும் சம வாய்ப்புள்ளவை. அவற்றில் புதிய முறைக் குழுவிலிருந்து ஒருவரும் பழைய முறைக் குழுவிலிருந்து 6 பேரும் வரும் வழிகள் 12 × 924 = 11,088. புதிய குழுவில் ஒருவர்கூட இல்லாமல் 7 பேரும் பழைய குழுவிலிருந்தே வரும் வழிகள் 792. ஆகவே உங்களுக்குக் கிடைத்த அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ புதிய முறைக்குச் சாதகமாகச் சாயும் வழிகள் 11,880. எதிர்ப்பக்கம் சாய்வதற்கும் அதே 11,880. இரண்டையும் கூட்டி 3,46,104-ஆல் வகுத்தால் 0.0687. வளைவு 0.025 என்று சொன்ன இடத்தில், இந்த ஓரங்களுக்குள் எண்ணிப் பார்த்த மதிப்பு ஏறத்தாழ 0.069. வேறுபாடு இரண்டு மடங்குக்கும் மேல். இதுவரை சொன்னதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது; கையாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இங்கேயே நிறுத்தி, "ஆகவே ஃபிஷர் சரி, கை-வர்க்கம் தவறு" என்று எழுதிவிடுவது எளிது. பெரும்பாலான வகுப்பறைக் குறிப்புகள் அப்படித்தான் நிற்கின்றன. ஆனால் அந்த எட்டு அட்டவணைகளை இன்னொரு முறை பாருங்கள். புதிய குழுவில் 3 அல்லது 4 பேருக்குச் சீழ் பிடிப்பதற்கான நிகழ்தகவு 0.629, 2 அல்லது 5 என்றால் 0.302; 1 அல்லது 6 என்றால் 0.064, 0 அல்லது 7 என்றால் 0.0046. ஃபிஷர் சோதனையை 5% மட்டத்தில் வைத்தால் எந்த அட்டவணைகளில் இன்மை எடுகோளை மறுப்பீர்கள்? 1, 6 இரண்டுக்கும் p மதிப்பு 0.069 என்பதால் மறுக்க முடியாது. 0, 7 இரண்டில் மட்டுமே மறுக்கலாம். அதாவது நீங்கள் நூற்றுக்கு ஐந்து முறை தவறலாம் என்று அனுமதி கொடுத்தும், இந்தச் சோதனை நூற்றுக்கு அரை முறைகூடத் தவற மறுக்கிறது; உண்மையான பிழை வீதம் 0.46%. கேட்பதற்கு நல்லதாகத் தோன்றினாலும் அதன் விலை பெரிது. புதிய முறை உண்மையிலேயே சிறந்ததாக இருந்தாலும், அந்தக் குழுவில் ஒரே ஒரு நோயாளிக்குச் சீழ் பிடித்துவிட்டால் உங்களால் அதைக் காட்ட முடியாது. மறுபுறம் கை-வர்க்கத்தை வைத்தால் 1, 6 இரண்டிலும் மறுப்பீர்கள். அப்போது பிழை வீதம் 6.87% ஆகிவிடும்.

ஆக, இந்த ஓரங்களோடு 5% என்ற பிழை வீதமே யாருக்கும் கிடைக்காது. 0.46% அல்லது 6.87% என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது ஃபிஷருக்கும் கை-வர்க்கத்துக்கும் இடையிலான சண்டை உண்மையில் இதுதான். ஒன்று வாக்களித்த எல்லையை ஒருபோதும் தாண்டாது, ஆனால் அளவுக்கு மீறித் தயங்கும்; மற்றது எல்லைக்கு அருகில் நிற்க முயன்று சில வேளைகளில் தாண்டிவிடும். ஃபிஷர் சோதனையின் பெயரிலுள்ள "துல்லிய" என்பது நிகழ்தகவைத் தோராயமின்றி எண்ணுகிறது என்பதை மட்டுமே குறிக்கிறது. பிழை வீதம் துல்லியமாக 5% இருக்கும் என்பதை அது உறுதி செய்வதில்லை.

கருத்து வேறுபாடு இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. ஃபிஷர் 1935-இல் எழுதிய புகழ்பெற்ற தேநீர்ச் சோதனையில் எட்டுக் கோப்பைகள் இருந்தன. நான்கில் பாலை முதலில் ஊற்றியிருந்தார்கள்; நான்கில் தேநீரை முதலில் ஊற்றியிருந்தார்கள். நான்கு நான்காகத்தான் இருக்கின்றன என்பது சுவைத்துப் பார்த்த பெண்மணிக்குத் தெரியும். அவரும் நான்கையே தேர்ந்தெடுப்பார். அங்கே இரண்டு ஓரங்களும் சோதனை அமைப்பிலேயே உறுதியாகிவிட்டவை. 70 வழிகளில் ஒன்றே முற்றிலும் சரியான விடை. உங்கள் ஆய்வு அப்படிப்பட்டதன்று. குழுவுக்கு 12 பேர் என்பதை நீங்கள் முடிவு செய்தீர்கள். ஆனால் மொத்தம் 7 பேருக்குச் சீழ் பிடிக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. வேறு 24 பேரை எடுத்திருந்தால் அது 5 ஆகவோ 9 ஆகவோ இருந்திருக்கும். அந்த 7-ஐ மாறாததாக வைத்துக்கொண்டு எண்ணுவது நியாயமா என்பதுதான் கேள்வி. நியாயமே, ஏனென்றால் அந்தக் கூட்டுத்தொகை வேறுபாட்டைப் பற்றி ஏறத்தாழ எதுவும் சொல்வதில்லை என்பது ஃபிஷர் வழி வந்தவர்களின் வாதம். நியாயமில்லை, அப்படிக் கட்டிப்போடுவதால்தான் சாத்தியமான அட்டவணைகள் எட்டாகச் சுருங்கிச் சோதனை வலுவிழக்கிறது என்பது மறுதரப்பு. 1945-இல் பர்னார்ட் அந்த ஓரத்தைக் கட்டிப்போடாத மாற்றுச் சோதனையை முன்வைத்தார். இந்த விவாதம் இன்னும் தீர்ந்துவிடவில்லை. தீர்ந்துவிட்டதாக யாராவது உங்களிடம் சொன்னால் அவர் ஒரு தரப்பை மட்டுமே படித்திருக்கிறார் என்று பொருள்.

அந்த 5 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது எந்தத் தேற்றத்திலிருந்தும் பிறந்ததன்று. அனுபவத்தில் வைத்துக்கொண்ட எல்லை. காக்ரன் 1952-இலேயே, 5 அல்லது 10 என்ற எல்லைகள் தன்னிச்சையாக எடுக்கப்பட்டவைபோல் தோன்றுகின்றன என்று குறிப்பிட்டார். பிறகு 1954-இல் அவர் தந்த பரிந்துரைதான் இன்றும் நாம் பின்பற்றும் விதிகளுக்கு வேர். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் மொத்தம் 20-க்குக் கீழே என்றால் ஃபிஷர். 20-க்கும் 40-க்கும் இடையில் என்றால், சிறிய எதிர்பார்ப்பு 5-க்குக் கீழே போனால் ஃபிஷர். 40-க்கு மேலே என்றால் தொடர்ச்சித் திருத்தத்தோடு கை-வர்க்கம். உங்கள் மொத்தம் 24, சிறிய எதிர்பார்ப்பு 3.5, ஆகவே காக்ரன் விதிப்படி ஃபிஷர்.

ஆனால் 2007-இல் கேம்பெல் பல முறைகளையும் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்து, எல்லா எதிர்பார்ப்புகளும் 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் கை-வர்க்கத்தைச் சிறிது திருத்திப் பயன்படுத்தலாம், அதற்குக் கீழே போனால் மட்டும் ஃபிஷருக்குப் போகலாம் என்று பரிந்துரைத்தார். அந்தத் திருத்தம் எளிது: கிடைத்த கை-வர்க்க மதிப்பை (N − 1)/N ஆல் பெருக்க வேண்டும். உங்களுக்கு 5.04 × 23/24 = 4.83, p மதிப்பு 0.028. இதற்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு SPSS காட்டும் Linear-by-Linear Association என்ற வரி இதே மதிப்புத்தான். பலர் அந்த வரி தமக்குச் சம்பந்தமில்லை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். காக்ரன் சொல்வது 0.069, கேம்பெல் சொல்வது 0.028, இருவருமே மதிக்கத்தக்கவர்கள்.

அப்படியென்றால் நான் ஏன் 0.069-ஐ எழுதச் சொன்னேன்? உங்கள் கேள்வி எழுந்த வரிசையே காரணம். தரவைச் சேகரித்து, சோதனையை ஓட்டி, இரண்டு விடைகளையும் பார்த்த பிறகு எதை எழுதலாம் என்று கேட்கிறீர்கள். எந்தச் சோதனையைப் பயன்படுத்துவேன் என்று ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவைத்திருந்தால், அது கேம்பெல்லின் முறையாக இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். பார்த்த பிறகு தேர்ந்தெடுக்கும்போது, நமக்குச் சாதகமான எண்ணின் பக்கம் மனம் சாய்வது இயல்பு. அதைத் தடுக்க, வழக்கத்தில் உள்ள விதியைப் பின்பற்றிச் சாதகமில்லாத எண்ணை எழுதுவதே நேர்மையான வழி. உங்கள் திரையில் இந்த ஒரு சிறிய அட்டவணைக்கு 0.025, 0.072, 0.020, 0.069, 0.034, 0.028 என்று ஆறு மதிப்புகள் இருக்கும். அவற்றில் 0.034 என்பது ஃபிஷர் சோதனையின் ஒரு பக்க மதிப்பு. "ஃபிஷர் சோதனையில் 0.034" என்று எழுதிவிட்டுப் போன ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். புதிய முறை பழையதைவிட மோசமாக இருக்கக்கூடும் என்ற சாத்தியத்தை முன்கூட்டியே காரணத்தோடு விலக்கியிருந்தால் தவிர, ஒரு பக்க மதிப்பை எடுக்கக் கூடாது. புண்ணுக்குக் கட்டுப் போடும் புதிய முறை தீங்கு செய்யாது என்று முன்பே உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

அந்த 0.072 என்பது யேட்ஸ் 1934-இல் தந்த தொடர்ச்சித் திருத்தத்தின் விளைவு. எண்ணிய எண்ணுக்கும் எதிர்பார்ப்புக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து அரையைக் கழித்துவிட்டுக் கை-வர்க்கத்தைக் கணக்கிடுகிறார்கள், அதனால் 2.5 என்ற வேறுபாடு 2 ஆகிறது. விடை ஃபிஷரின் 0.069-க்கு மிக அருகில் வருவது தற்செயல் இல்லை. கணினி இல்லாத காலத்தில் ஃபிஷரின் எண்ணிக்கையைக் கையால் செய்வது பெரும்பாடு என்பதால், அதன் விடையை எளிதில் நெருங்கவே இந்தத் திருத்தம் வந்தது. இன்று ஃபிஷரையே நொடியில் கணக்கிடலாம் என்னும்போது அதன் நகலைத் தேடிப் போவதில் பயனில்லை. R-இல் `chisq.test` இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்குத் தானாகவே இந்தத் திருத்தத்தைச் செய்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். SPSS-இல் 0.025, R-இல் 0.072 என்று இரண்டு பேர் ஒரே தரவுக்கு இரண்டு விடை கொண்டுவந்து திகைப்பதற்குக் காரணம் அதுவே. மேலே `correct = FALSE` என்று எழுதியிருப்பதும் அதற்காகத்தான்.

p மதிப்பை விடப் பெரிய விஷயம், உங்கள் ஆய்வு என்ன சொல்கிறது என்பது. புதிய முறையில் 8.3%, பழைய முறையில் 50%, வேறுபாடு 41.7 விழுக்காட்டுப் புள்ளிகள். இது மருத்துவ அளவில் மிகப் பெரிய வேறுபாடு. நியூகோம்ப் முறையில் இதற்கான 95% நம்பக இடைவெளியைக் கணக்கிட்டால் சுமார் 5 முதல் 67 வரை வருகிறது. புதிய முறையின் பயன் மிகச் சிறிதாகவும் இருக்கலாம், மலைக்கவைக்கும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்கலாம். 24 பேரை வைத்துக்கொண்டு இதற்கு மேல் நெருங்கிச் சொல்ல முடியாது. இடைவெளியில் பூஜ்யம் இல்லை, ஆனால் ஃபிஷரின் p மதிப்போ 0.05-க்கு மேலே, இது முரணாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். நியூகோம்ப் முறை சீழ் பிடித்தவர்களின் கூட்டுத்தொகையை மாறாததாக வைத்துக்கொள்வதில்லை. இரண்டும் வெவ்வேறு அடிப்படையில் எழுந்தவை. எல்லைக்கு அருகில் இருக்கும் தரவில் அவை இப்படிப் பிரிந்து நிற்பது உண்டு. ஒளிக்காமல் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

உங்கள் முடிவுப் பகுதியில் இப்படி எழுதலாம்: "சீழ் பிடித்தவர்கள் புதிய முறையில் 12 பேரில் ஒருவர் (8.3%), பழைய முறையில் 12 பேரில் 6 பேர் (50%). இரண்டு கட்டங்களில் எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை 3.5 என்பதால் ஃபிஷரின் இருபக்கச் சோதனை பயன்படுத்தப்பட்டது (p = 0.069). விழுக்காட்டு வேறுபாடு 41.7, நியூகோம்ப் முறையில் 95% நம்பக இடைவெளி 5 முதல் 67 வரை." இதன் கீழே "வேறுபாடு இல்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வேறுபாடு இல்லை என்பதை உங்கள் ஆய்வு காட்டவில்லை. இருக்கிறது என்று உறுதிப்படுத்தப் போதிய நோயாளிகள் இல்லை என்பதையே காட்டுகிறது. இதே விகிதங்கள் குழுவுக்கு 24 பேரில் கிடைத்திருந்தால், அதாவது 2 பேரும் 12 பேரும் என்றால், எதிர்பார்ப்புகள் 7, 17 ஆகிவிடும். எல்லாச் சோதனைகளும் 0.01-க்குக் கீழே ஒரே திசையில் நிற்கும். இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

உங்கள் ஆய்வேட்டில் இன்னோர் அட்டவணையும் இருக்கும் என்று நினைக்கிறேன்: வயது, கல்வி, தொழில், மாத வருமானம் ஆகியவற்றுக்கும் முடிவுக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பது. அங்கேதான் சிறிய எதிர்பார்ப்புகள் மொய்க்கும். கல்வியில் ஐந்து நிலை, அறிவு மட்டத்தில் மூன்று நிலை என்றால் 15 கட்டங்கள். 40 பேரைப் பங்கிட்டால் ஒரு கட்டத்துக்குச் சராசரியாக மூன்று பேர்கூடத் தேற மாட்டார்கள். இரண்டுக்கு இரண்டைவிடப் பெரிய அட்டவணைகளுக்குக் காக்ரன் சொன்னது சற்றுத் தளர்வான விதி: ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கட்டங்களில் எதிர்பார்ப்பு 5-க்குக் கீழே இருக்கக் கூடாது, எந்தக் கட்டத்திலும் 1-க்குக் கீழே போகக் கூடாது. SPSS விழுக்காட்டையும் மிகச் சிறிய எதிர்பார்ப்பையும் ஒரே அடிக்குறிப்பில் தருவது இந்த இரண்டையும் சரிபார்ப்பதற்காகவே. பெரிய அட்டவணைகளுக்கு SPSS ஃபிஷர் மதிப்பைத் தானாகக் காட்டாது. Exact என்ற பொத்தான் உங்கள் பதிப்பில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது ஓடுவது 1951-இல் ஃப்ரீமனும் ஹால்டனும் பெரிய அட்டவணைகளுக்கு விரித்த சோதனை. R-இல் அதே `fisher.test` பெரிய அட்டவணைகளையும் ஏற்கும். ஆனால் சாத்தியமான அட்டவணைகள் பெருகிவிட்டால் நினைவகம் போதவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். அப்போது `simulate.p.value = TRUE, B = 100000` என்று சேர்த்தால் எல்லாவற்றையும் எண்ணாமல் குருட்டாம்போக்கில் ஒரு லட்சம் அட்டவணைகளை எடுத்து மதிப்பிடும். நடைமுறையில் அது போதும்.

கட்டங்களைச் சேர்த்துச் சிறிய எதிர்பார்ப்பைத் தவிர்ப்பது பழைய வழக்கம். அதில் ஒரு கவனம் வேண்டும். தொடக்கக் கல்வியையும் நடுநிலைக் கல்வியையும் சேர்ப்பதற்குப் பொருள் உண்டு; "விவசாயம்" என்பதையும் "அரசுப் பணி" என்பதையும் எண்ணிக்கை குறைவு என்பதற்காக ஒரே கட்டத்தில் போட்டால் அந்தக் கட்டத்துக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? பெயர் வைக்க முடியாத கட்டத்தை உருவாக்காதீர்கள். எந்தச் சேர்க்கையில் p மதிப்பு குறைகிறது என்று பார்த்துப் பார்த்துச் சேர்ப்பது இன்னும் மோசம். மேலும், கல்வி நிலைக்கும் அறிவு மட்டத்துக்கும் இயல்பாகவே ஏறுவரிசை உண்டு. கை-வர்க்கமும் ஃபிஷரும் அந்த வரிசையைக் கண்டுகொள்வதே இல்லை. நிரைகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் ஒரே விடையைத்தான் தரும். அங்கே வரிசையைப் பயன்படுத்தும் போக்குச் சோதனையோ தரவரிசை ஒட்டுறவோ, சிறிய எண்ணிக்கையிலும் கூடுதல் வலுவோடு நிற்கும்.

கடைசியாக ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது தவறினால் இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. உங்கள் 24 என்பது 24 வெவ்வேறு நோயாளிகளா? ஒரே நோயாளியின் இரண்டு புண்களுக்கு இரண்டு முறையில் கட்டுப் போட்டு எண்ணியிருந்தாலோ, ஒரே ஆட்களைப் பயிற்சிக்கு முன்பும் பின்பும் கேட்டு இரண்டு நிரைகளில் எழுதியிருந்தாலோ, அவை ஒன்றையொன்று சாராத எண்ணிக்கைகள் அல்ல. அங்கே எதிர்பார்ப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கை-வர்க்கம் கூடாது, ஃபிஷரும் கூடாது. இணைகளாக வரும் தரவுக்கு மெக்நெமர் சோதனை இருக்கிறது. அது முன்பும் பின்பும் விடை மாறியவர்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அவர்கள் குறைவாக இருந்தால் அதற்கும் ஈருறுப்புப் பரவலை வைத்து எண்ணும் துல்லிய வடிவம் உண்டு.